பகல் 12 மணிக்குள் சொன்னால் அன்றைக்கே ஆள் வருவார்: ஏ.எம்.சி. விளம்பரத்துக்கு வாசகம்

கேள்வி: ஐயா, ஈரோட்டில் லேப்டாப், பிரிண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என்னுடன் இரண்டு டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். இப்போது ஆடிட்டர் ஆபீஸ், ஜவுளி ஆபீஸ் மாதிரி சின்ன அலுவலகங்களுக்கு ஏ.எம்.சி. என்கிற வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆரம்பிக்கிறேன். 40 அலுவலகம் பிடிக்கலாம் என்று எண்ணம். நோட்டீசுக்கும் வாட்ஸ்அப் படத்துக்கும் இப்படி ஒரு கேப்ஷன் எழுதியிருக்கிறேன்: "எப்போது அழைத்தாலும் 1 மணி நேரத்தில்! லேப்டாப், பிரிண்டர் முழுப் பராமரிப்பு! வருடம் முழுக்க டென்ஷன் இல்லை!*" கீழே சின்ன எழுத்தில் நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று போட்டிருக்கிறேன். எத்தனை மணி நேரத்தில் வருவோம், எத்தனை தடவை வருவோம் என்பதை இதற்குள் எப்படிச் சொல்வது? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் வாசகத்தில் முதலில் கைவைக்க வேண்டியது அந்த ஒரு மணி நேரத்தில்தான். கோவையில் சர்வீஸ் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நான் கண்ட சண்டைகளில் பெரும்பாலானவை பழுது சரியாகாததால் வந்தவை அல்ல. "வருவேன்னு போட்டிருந்தீங்களே, ஏன் வரலை?" என்பதில் தொடங்கியவைதான் அதிகம். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் நாலு பக்கத்தைப் படிப்பதில்லை. நோட்டீசில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார். அதனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும், உங்கள் உண்மையான ஒப்பந்தம் அந்த ஒரு வரிதான். வாசகத்தை அழகாக்குவதற்கு முன் உங்களிடம் இருக்கும் ஆட்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுவிடுவோம்.

ஈரோடு ஊருக்குள் ஒரு சர்வீஸ் கால் வந்தால், போய்ச் சேர்வது, இடம் தேடி வண்டி நிறுத்துவது, பார்ப்பது, திரும்புவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். ஒரு டெக்னீஷியன் காகிதத்தில் ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ பார்ப்பார். நடைமுறையில் நான்கு. இரண்டு பேருக்கு எட்டு. இப்போது காலை 10 மணிக்கு ஒரு கால், 10.10க்கு இன்னொன்று வருகிறது. இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். 10.20க்கு மூன்றாவது வந்தால், முதலில் போனவர் திரும்பவே 11.30 ஆகிவிடும். அந்த மூன்றாவது அலுவலகத்துக்கு நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு ஓடினால்தான் ஒரு மணி நேரம் நிற்கும். நாலாவது வந்தால் அதுவும் நிற்காது. ஆக, ஒரே காலை நேரத்தில் நாலு கால் வந்தாலே உங்கள் கொட்டை எழுத்து பொய்யாகிவிடும்.

நாலு கால் வருமா என்றால், வரும். உங்கள் வாடிக்கையாளர்களின் வேலை அப்படி. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 கடைசித் தேதி 11, 3பி-க்கு 20. ஆடிட்டர் அலுவலகத்தில் 10, 11, 19, 20 ஆகிய நாட்களில் பிரிண்டர் நின்றால் அவருக்கு மூச்சு நிற்கும். ஜவுளி ஆபீசுகளுக்குச் செவ்வாய்க்கிழமை சந்தை நாள். திங்கள் சாயங்காலத்திலிருந்தே பில் போடுவது ஆரம்பித்துவிடும். பழுதுகள் வருடம் முழுக்கச் சீராகப் பரவி வருவதில்லை, இந்த நாட்களில்தான் குவிகின்றன. 40 அலுவலகத்தில் நாலில் ஒருவர் 20ஆம் தேதி கூப்பிட்டால் பத்துக் கால். உங்கள் கொள்ளளவு எட்டு. சராசரி நாளை வைத்து எண் போட்டால், வாடிக்கையாளருக்கு உங்களை மிக அதிகமாகத் தேவைப்படும் அன்றைக்குத்தான் வாக்குத் தவறும். எண்ணை மோசமான நாளை வைத்துப் போடுங்கள்.

உங்கள் கடையில் கால் எழுதும் நோட்டு இருக்கும். இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று போடுங்கள். எத்தனை மணிக்குச் சொன்னார்கள், எத்தனை மணிக்கு நம் ஆள் போய் நின்றார் என்று இரண்டே நேரம். ஒரு மாதம் எழுதினால் போதும். அந்த மாதத்தின் 20ஆம் தேதியில் கடைசியாகப் போன காலுக்கு எத்தனை நேரம் ஆயிற்றோ, அதைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். அதுதான் நோட்டீசில் போடத் தகுந்த எண்.

அப்புறம் அந்த எண்ணை எந்த உருவத்தில் சொல்வது என்பதைப் பார்ப்போம். பெரிய கம்பெனி ஒப்பந்தங்களில் "4 வேலை மணி நேரம்" என்று எழுதுவார்கள். அதன் அர்த்தம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் வேலை நேரம் 9.30 முதல் 6.30 என்றால், மாலை 4.30க்கு வந்த காலுக்கு அன்றைக்கு இரண்டு மணி நேரமும் மறுநாள் காலை இரண்டு மணி நேரமும் சேர்ந்து, கெடு மறுநாள் 11.30. சனிக்கிழமை 4.30 என்றால் திங்கள் 11.30. ஆனால் சின்ன அலுவலகத்து முதலாளி 4 மணி நேரம் என்றால் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். 4.30க்குச் சொன்னால் 8.30க்குள் வந்துவிடுவீர்கள் என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காத்திருப்பார். நீங்கள் எழுதியதும் சரி, அவர் புரிந்துகொண்டதும் சரி, ஆனாலும் சண்டை.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, மணிக்கணக்கை விட்டுவிட்டு வேளைக் கணக்கில் எழுதுவது. "பகல் 12 மணிக்குள் சொன்னால் அன்றைக்கே ஆள் வருவார். அதற்குப் பிறகு சொன்னால் அடுத்த வேலை நாள் பகல் 1 மணிக்குள் வருவார்." இதில் கூட்டிக் கழிக்க எதுவும் இல்லை. ஆபீஸ் பையன் முதல் முதலாளி வரை ஒரே மாதிரி புரிந்துகொள்வார்கள். உங்கள் பக்கமும் வசதி. 12 மணிக்கு அன்றைய கால்கள் அத்தனையும் உங்கள் கையில் இருக்கும். யாரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று வரிசைப்படுத்திக்கொள்ளலாம். பெருந்துறை ரோடு பக்கம் இரண்டு கால் இருந்தால் ஒரே ஆள் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடுவார். எட்டுக்குப் பதில் ஒன்பது, பத்து வரை முடிவது அப்படித்தான்.

"அன்றைக்கே" என்றால் வேகம் இல்லாத மாதிரி தெரியுமே என்று நினைப்பீர்கள். வேகத்தைக் காட்ட உங்களிடம் இன்னொரு எண் இருக்கிறது: போன். தகவல் வந்த அரை மணிக்குள் டெக்னீஷியன் திரும்ப அழைத்துப் பேசுவார் என்று தாராளமாகப் போடலாம். இரண்டு பேரும் வெளியே இருந்தாலும் கடையில் நீங்கள் இருக்கிறீர்கள். பிரிண்டர் கால்களில் கணிசமானவை இந்த அரை மணியிலேயே முடிந்துவிடும். பிரிண்ட் வரிசையில் ஒரு ஃபைல் சிக்கிக்கொண்டு நிற்கும். ரூட்டரை அணைத்துப் போட்டதில் பிரிண்டரின் ஐ.பி. மாறியிருக்கும். அல்லது விண்டோஸ் தானாகவே டிஃபால்ட் பிரிண்டரை மாற்றியிருக்கும். கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தார்களோ அதையே டிஃபால்ட்டாக வைத்துக்கொள்ளும் ஒரு அமைப்பு அதில் உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால், ஒரு தடவை பி.டி.எஃப்.-ஆகச் சேமித்த பிறகு அடுத்த பில் பேப்பரில் வராது. இதையெல்லாம் ரிமோட்டில் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும்: ரிமோட்டில் சரியாகவில்லை என்றால் ஆள் வரும் கெடு, முதல் தகவல் வந்த நேரத்திலிருந்துதான். "ரிமோட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் நேரம் இப்போதிலிருந்துதான் ஆரம்பம்" என்று சொன்னால் அந்த வாடிக்கையாளர் அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டார். அது நியாயமும்தான்.

தகவல் வந்த நேரம் என்பதற்கே ஒரு சாட்சி வேண்டும். நடப்பது இதுதான்: அலுவலகத்துப் பெண் உங்கள் டெக்னீஷியனின் சொந்த எண்ணுக்கு ராத்திரி எட்டரைக்கு ஃபோன் செய்து சொல்லிவிடுவார். அவர் வண்டி ஓட்டிக்கொண்டே "சரிங்க மேடம்" என்பார். காலையில் மறந்துபோகும். 11 மணிக்கு முதலாளி உங்களைக் கூப்பிட்டு "நேத்தே சொல்லியாச்சு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆகவே நோட்டீசில் ஒரே ஒரு எண். அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் தகவலும், பழுது தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும். அதில் நேரம் தானாகவே பதிவாகிவிடும். எந்தப் பாகத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதும் போட்டோவிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது, வருவது வேறு, சரியாவது வேறு. உங்கள் வாசகம் இதைப் பிரித்துச் சொல்லவே இல்லை. ஆள் வரும் நேரத்துக்கு நீங்கள் பொறுப்பு ஏற்கலாம். சரியாகும் நேரத்துக்கு எல்லா இடத்திலும் ஏற்க முடியாது. லேசர் பிரிண்டரில் டெஃப்லான் கிழிந்திருந்தால், கையில் பாகம் இருந்தால் அன்றைக்கே முடியும். லேப்டாப் மதர்போர்டு என்றால் நாள் கணக்கு. இந்த இடைவெளியை வாடிக்கையாளர் எப்படிச் சமாளிப்பார் என்பதற்கு ஒரு பதில் உங்கள் வாசகத்தில் இருந்தால், அதுவே போட்டியாளர்களிடமிருந்து உங்களைத் தனியாகக் காட்டும். பழுதான பிரிண்டரை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு மாற்றுப் பிரிண்டரை வைத்துவிட்டு வாருங்கள். ஈரோட்டு அலுவலகங்களில் இன்றைக்கும் ஹெச்.பி. 1020, கேனன் எல்.பி.பி. 2900 மாதிரி பழைய சிறிய லேசர்கள் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வகையில் பழையது இரண்டோ மூன்றோ வாங்கிச் சரிசெய்து வைத்துக்கொண்டால் போதும். ஆனால் மாற்றுப் பிரிண்டர் மாடலின் டிரைவரை ஒப்பந்தம் போட்ட அன்றைக்கே அந்த அலுவலகத்து லேப்டாப்புகளில் ஏற்றிவிடுங்கள். 20ஆம் தேதி சாயங்காலம் டிரைவர் இறக்கிக்கொண்டு உட்கார நேரம் இருக்காது.

மாற்று லேப்டாப் தருவோம் என்று மட்டும் போடாதீர்கள். பிரிண்டர் மாதிரி அதைச் செருகிவிட்டு வர முடியாது. ஆடிட்டர் அலுவலகத்து லேப்டாப்பில் டேலி இருக்கும், அதன் லைசென்ஸ் இருக்கும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர் இருக்கும், ஐந்து வருடத்து டேட்டா இருக்கும். வெறும் லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தால் அவருக்கு அது பிரயோஜனமில்லை. டேட்டாவை மாற்றித் தரும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். பேக்கப் யார் பொறுப்பு என்பதை வாசகத்தில் சொல்ல இடமில்லை. ஒப்பந்தத்தில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்போது எத்தனை தடவை வருவது என்பது. இரண்டு விதமான வருகையை ஒரே சொல்லில் எழுதுவதால்தான் குழப்பம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களாகப் போய்ச் சுத்தம் செய்து பார்ப்பது பராமரிப்பு வருகை. அவர்கள் கூப்பிட்டுப் போவது பழுதுக்கான வருகை. "வருடத்துக்கு 4 வருகை" என்று மட்டும் போட்டால், வாடிக்கையாளர் அதை நாலு தடவைதான் கூப்பிடலாம் என்று படிப்பார். இல்லையென்றால் கூப்பிட்டுப் போன நாலையும் கணக்கில் எழுதிவிட்டு, பராமரிப்புக்கு நீங்கள் போகவே மாட்டீர்கள் என்று சந்தேகப்படுவார். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள். பராமரிப்புக்கு நாலு தடவை, பழுதுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை.

வரம்பு இல்லை என்று எழுதப் பயப்பட வேண்டாம், அதற்கும் கணக்கு இருக்கிறது. ஐந்து லேப்டாப், இரண்டு பிரிண்டர் உள்ள ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பராமரிப்பு வருகையில் லேப்டாப்புக்கு 20 நிமிடம், பிரிண்டருக்கு 25 நிமிடம் என்றால் மொத்தம் இரண்டரை மணி நேரம். போகவர நேரமும் சேர்த்தால் ஒரு ஆளுக்கு அரை நாள். இப்படி 40 அலுவலகத்துக்கு வருடத்துக்கு 160 அரை நாட்கள், அதாவது 80 முழு நாட்கள். வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் உங்கள் இரண்டு பேருக்குமாக 600 நாட்கள் இருக்கின்றன. பராமரிப்பு போக 520 நாட்கள் பழுதுக்கும் கடை வேலைக்கும் மிச்சம். அந்த 80 நாளை ஒழுங்காகச் செய்தால் பழுது கால்கள் தானாகக் குறையும். பிக்கப் ரோலரைத் துடைத்துவைத்தால் பேப்பர் இழுக்காத பிரச்சினை வராது. லேப்டாப் ஃபேனில் அடைத்திருக்கும் தூசியை எடுத்தால் சூடாகி அணைந்துபோகாது. பராமரிப்பு நாட்களை 10, 11, 19, 20 தேதிகளுக்கும் சந்தை நாளுக்கும் வைக்காதீர்கள். அன்றைக்கு யாரும் லேப்டாப்பைக் கையில் தரமாட்டார்கள். உங்கள் ஆளும் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார், கையெழுத்து வாங்கிக்கொண்டு. அந்த மாதிரி கையெழுத்துகள்தான் அடுத்த வருடப் புதுப்பித்தலைக் கெடுக்கின்றன.

பழுது என்றால் எது என்பதற்கு மட்டும் ஒரு எல்லை வேண்டும். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால் பழுது. புதிதாக ஒரு பிரிண்டர் வாங்கி அதைப் பொருத்துவது, புது மென்பொருள் ஏற்றுவது, கேபிள் இழுப்பது, "அப்படியே இந்த கேமராவையும் பாருங்க தம்பி" என்பது எல்லாம் வேறு. ஒன்றிரண்டு தடவை பார்த்துக் கொடுங்கள், அது வாடிக்கை. ஒப்பந்தத்தில் மட்டும் கருவிகளின் பெயரையும் சீரியல் எண்ணையும் எழுதி, இந்தக் கருவிகளுக்கு என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

"முழுப் பராமரிப்பு" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். இந்தத் தொழிலில் முழு என்றால் பாகங்களும் சேர்த்து என்று அர்த்தம். உங்கள் அளவில் அதைச் செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. மூன்று நாலு வருடம் ஓடிய லேப்டாப்பில் ஒரு டிஸ்ப்ளே போனாலே அந்த ஒரு கருவிக்கு வாங்கிய வருடத் தொகை காணாமல் போய்விடும். கூலி மட்டும் ஒப்பந்தத்தில், பாகத்துக்குத் தனி விலை. டோனர், டிரம், இங்க், பேட்டரி, அடாப்டர் எல்லாம் தனி விலையில் அடங்கும். டெஃப்லான், பிரஷர் ரோலர், பிக்கப் ரோலர் ஆகியவை தேய்ந்துபோகும் பாகங்கள். டோனரைப் போல இவற்றையும் தனி விலையில் சேர்த்துவிடுங்கள். இதை மறைக்காமல் வாசகத்திலேயே சொல்லி, பக்கத்திலேயே "விலை சொல்லி, சரி என்ற பிறகே மாற்றுவோம்" என்று சேர்த்தால் குறையாகத் தெரியாது. வாரண்டி இருக்கும் லேப்டாப்பை நீங்கள் திறக்கவும் வேண்டாம். கம்பெனியில் கால் பதிவு செய்து, அவர்கள் ஆள் வரும்வரை பின்தொடர்ந்து தருவதே அந்த அலுவலகத்துக்குப் பெரிய உதவி.

ஒப்பந்தம் போடும் முன் கருவிகளின் நிலையை எழுதிவைத்துக்கொள்வதும் முக்கியம். இல்லையென்றால் ஏற்கெனவே செத்த பேட்டரி உங்கள் கைக்கு வந்த பிறகு செத்ததாகிவிடும். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் திரையில் இதைத் தட்டினால் போதும்:

```
powercfg /batteryreport
```

battery-report.html என்று ஒரு ஃபைல் கிடைக்கும். அதில் DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது புதிதில் இருந்தது, இரண்டாவது இப்போது மிஞ்சியிருப்பது. இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே இருந்தால் ஒப்பந்தத்தில் அந்தக் கருவிக்கு எதிரே "பேட்டரி பலவீனம்" என்று எழுதி, முதலாளியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிரிண்டரில் அதன் அமைப்புப் பக்கத்தை எடுத்தால் பல மாடல்களில் இதுவரை ஓடிய பக்கங்களின் எண்ணிக்கை வரும். அந்தத் தாளையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியில் அந்த நட்சத்திரக் குறி. கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. விளம்பரத்தில் சொன்ன முக்கியமான வாக்கைக் கீழே வரும் குறிப்பு மறுக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது என்று அதில் இருக்கிறது. வாக்கு எந்த மொழியில், எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் குறிப்பும் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும். மேலே "எப்போது அழைத்தாலும் 1 மணி நேரத்தில்" என்று போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் ஞாயிறு விடுமுறை, 6.30க்கு மேல் இல்லை என்று போட்டால், கீழே இருப்பது மேலே இருப்பதை மறுப்பதாகத்தான் ஆகும். நிபந்தனையை வாக்கிலேயே கலந்து எழுதிவிட்டால் நட்சத்திரத்துக்கு வேலையே இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்து நான் எழுதிப் பார்த்தது இது. நோட்டீசுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

> பகல் 12 மணிக்குள் சொன்னால் அன்றைக்கே ஆள் வருவார்.
>
> சின்ன அலுவலகங்களுக்கு லேப்டாப், பிரிண்டர் வருடப் பராமரிப்பு.
>
> தகவல் வந்த அரை மணிக்குள் டெக்னீஷியன் போனில் பேசுவார். 12 மணிக்குப் பிறகு சொன்னால் அடுத்த வேலை நாள் பகல் 1 மணிக்குள் நேரில் வருவார். அன்றைக்கே சரியாகாத பிரிண்டரை எடுத்துப்போனால், மாற்றுப் பிரிண்டர் வைத்துவிட்டுத்தான் போவோம்.
>
> மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்களே வந்து சுத்தம் செய்து பார்ப்போம். இடையில் பழுதுக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும் தனிக் கூலி இல்லை. உதிரி பாகம், டோனர், இங்க், பேட்டரிக்கு மட்டும் விலை தனி. விலை சொல்லி, சரி என்ற பிறகே மாற்றுவோம்.
>
> ஈரோடு மாநகராட்சி எல்லைக்குள். திங்கள் முதல் சனி வரை, காலை 9.30 – மாலை 6.30. அரசு விடுமுறை நாட்கள் நீங்கலாக.

வாட்ஸ்அப் படத்தில் இவ்வளவும் வேண்டாம். போன் திரையில் பொடியாகப் போய்விடும். முதல் வரி, "வருடத்துக்கு 4 பராமரிப்பு வருகை, பழுதுக்கு வரம்பில்லை", "பாகங்களுக்கு விலை தனி", வேலை நேரம், எல்லை, எண். இந்த ஆறும் படத்துக்குள் இருக்கட்டும். மீதியைப் படத்துக்குக் கீழே செய்தியாக ஒட்டுங்கள். படத்தை யாராவது இன்னொருவருக்கு அனுப்பும்போது கீழே உள்ள செய்தி கழன்றுபோகலாம். அதனால்தான் நிபந்தனைகள் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறேன்.

பெருந்துறை, பவானி, கோபி அலுவலகங்கள் கேட்டால் இதே நோட்டீசைக் கொடுக்காதீர்கள். பெருந்துறைக்கும் பவானிக்கும் போகவர மட்டுமே ஒன்றரை மணி நேரம் போய்விடும். கோபிக்கு இன்னும் கூடும். அந்த ஊர்களுக்கு "இன்று சொன்னால் நாளை மாலைக்குள் ஆள் வருவார்" என்று தலைவரியையே மாற்றித் தனி நோட்டீஸ் அடியுங்கள். ஒரே ஊரில் ஏழெட்டு அலுவலகம் சேர்ந்த பிறகு, வாரத்தில் ஒரு நாளை அந்த ஊருக்கு என்று ஒதுக்கினால் பராமரிப்பு வருகைகளை அன்றைக்கு முடித்துக்கொள்ளலாம்.

தொகையை நோட்டீசில் போடுவதா என்று பலர் கேட்பார்கள். கருவிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போடுவதை நான் விரும்புகிறேன். கூட்டிப் பார்த்து அவர்களே ஒரு முடிவுக்கு வந்த பிறகு கூப்பிடுவார்கள். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் 18 சதவீதம் அதற்கு மேல் வரும் என்பதையும் தொகைக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போடுங்கள். பில்லில் இந்தச் சேவைக்கான எஸ்.ஏ.சி. எண் 998713.

ஒப்பந்தம் ஆனதும் ஒவ்வொரு கருவியின் மேலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். லேப்டாப்புக்கு மூடியின் உள்பக்க ஓரம், பிரிண்டருக்கு முன்பக்கம். பழுது வரும்போது நோட்டீஸ் எங்கே இருக்கிறது என்று யாரும் தேடமாட்டார்கள். கண்ணெதிரே இருப்பது கருவிதான். அதில் நாலு வரி போதும்:

> பழுதா? போட்டோ எடுத்து இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்.
> 12 மணிக்குள் சொன்னால் அன்றைக்கே ஆள் வருவார்.
> கருவி எண்: ____
> அடுத்த பராமரிப்பு வருகை: ____ மாதம்

கருவி எண்ணை உங்கள் நோட்டில் உள்ள வரிசையிலேயே கொடுங்கள். போட்டோவில் அந்த எண்ணும் விழுந்துவிட்டால் எந்த அலுவலகம், எந்த மாடல், போன தடவை என்ன செய்தோம் என்று டெக்னீஷியன் கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். கடைசி வரியில் மாதத்தைப் பேனாவால் எழுதுங்கள், ஒவ்வொரு தடவையும் போகும்போது அடித்துவிட்டு அடுத்ததை எழுத வேண்டியிருக்கும்.